பத்து ஊரில் ஒரே விளம்பரம்

வணக்கம் அண்ணாச்சி,

சனிக்கிழமை நீங்களும் உங்கள் மகளும் வந்துபோன பிறகு, அந்தப் பயிற்சி நிலையத்தின் நோட்டீஸை இன்னொரு முறை படித்தேன். ஆறு மாதப் படிப்பு, தொண்ணூறாயிரம் ரூபாய் கட்டணம். அதற்குக் கீழே, உங்கள் வீடியோவை வைரல் ஆக்கும் சூத்திரம் எங்களிடம் இருக்கிறது, பத்து லட்சம் வியூஸ் உறுதி என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. பி.காம் முடித்த பெண் விளம்பரத் துறைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போகலாம். அந்த ஒரு வரியை நம்பி மட்டும் போக வேண்டாம். ஏன் என்பதைக் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நிதானமாகப் படியுங்கள். நடுவில் ஒரு கணக்கு வரும், அதை மகளிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நோட்டீஸில் கெரில்லா, வைரல் என்று இரண்டு சொற்களைக் கலந்து போட்டிருக்கிறார்கள். கெரில்லா மார்க்கெட்டிங் என்றால் பெரிய பணம் போடாமல், ஆள் எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத விதமாக ஒன்றைக் காட்டி நின்று பார்க்க வைப்பது. வைரல் என்பது பார்த்தவரே அடுத்தவருக்கு அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, தானாகப் பரவுவது. முதலாவது ஓர் உத்தி. இரண்டாவது நடந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அமெரிக்காவில் 2007-ல் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். டர்னர் என்கிற பெரிய தொலைக்காட்சி நிறுவனம் தன் கார்ட்டூன் தொடர் ஒன்றுக்கு விளம்பரம் செய்ய நினைத்து, இன்டர்ஃபியரன்ஸ் என்ற கெரில்லா விளம்பர நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தது. அவர்கள் கறுப்புப் பலகைகளில் எல்இடி விளக்குகளைப் பதித்து, இருட்டினால் கார்ட்டூன் உருவம் ஒளிரும்படி செய்தார்கள். நியூயார்க், சிகாகோ, பாஸ்டன் உட்படப் பத்து நகரங்களில் பாலத்தடியிலும் சுவரிலும் ஒட்டினார்கள். இரண்டு மூன்று வாரம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஜனவரி 31 காலையில் பாஸ்டனில் ரயில் நிலையம் ஒன்றின் பக்கத்தில், மேம்பாலத்துக்கு அடியில் இருந்த பலகை ஒரு பயணியின் கண்ணில் பட்டது. பேட்டரியும் வயரும் வெளியே தெரிந்தன. பகலில் விளக்கு எரியாது, ஆகவே படமும் தெரியாது. வெடிகுண்டாக இருக்கலாம் என்று அவர் தகவல் சொல்ல, வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். சாலையை, பாலங்களை, ஆற்றின் ஒரு பகுதியைக்கூட மூடினார்கள். அன்று முழுக்க ஊரே ஸ்தம்பித்தது. கடைசியில் டர்னரும் இன்டர்ஃபியரன்ஸும் சேர்ந்து இருபது லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. கார்ட்டூன் சேனலின் தலைவர் ராஜினாமா செய்தார்.

அதே பலகைதான் மற்ற ஒன்பது ஊரிலும் இருந்தது. அங்கே பதற்றம் எதுவும் இல்லை. பாஸ்டனில் மட்டும் அது உலகச் செய்தி ஆனது. இப்போது பெயர் பரவியதே, லாபம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் பரவ வேண்டும் என்று அங்கே யாரும் திட்டம் போடவில்லை என்பதுதான் விஷயம்.

ஒரு தகப்பனாக நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அன்று கைதானவர்கள் யார் தெரியுமா? பலகையைக் கையால் கொண்டுபோய் ஒட்டிய இரண்டு இளைஞர்கள். சமூக சேவை செய்து, மன்னிப்பும் கேட்ட பிறகுதான் வழக்கு கைவிடப்பட்டது. நம் ஊரிலும் அனுமதி இல்லாமல் பொதுச் சுவரில் ஒட்டுவதற்கு எதிராக 1959-லிருந்தே சட்டம் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளையைத்தான் இந்த மாதிரி வேலைக்கு அனுப்புவார்கள். எழுத்தில் அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் எதையும் எங்கும் ஒட்டக்கூடாது என்பதை மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் பாத்திரக் கடைக்கு ஒரு சின்ன வீடியோ எடுத்து, வாட்ஸ்அப்பில் 500 வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிறீர்கள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பத்தில் ஒருவர் அதை அடுத்தவர்களுக்கு அனுப்புகிறார், ஆளுக்கு நான்கு பேருக்கு. வந்ததைத் திறந்து பார்ப்பவர்கள் பாதி. அப்படியானால் 50 பேர் அனுப்பி, 200 பேருக்குப் போய், 100 பேர் பார்க்கிறார்கள். அடுத்த சுற்றில் 20. அதற்கடுத்து 4. அப்புறம் ஒருவர். மொத்தம் 625-ல் நின்றுவிடுகிறது.

பார்த்த ஒவ்வொருவரும் சராசரியாக எத்தனை புதுப் பார்வையாளரைக் கொண்டுவருகிறார் என்பதுதான் இங்கே முக்கியமான எண். நம் கணக்கில் அது 0.2. ஒன்றிலிருந்து இதைக் கழித்து, வரும் எண்ணால் 500-ஐ வகுத்தால் மொத்தம் கிடைத்துவிடும். பத்தில் இரண்டு பேர் அனுப்பினால் எண் 0.4 ஆகி, மொத்தம் 833 வரை போகும். வளர்ந்துகொண்டே போக வேண்டுமானால் இந்த எண் 1-ஐத் தாண்ட வேண்டும். அதற்குப் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் அனுப்ப வேண்டும். ஒரு குக்கர் வீடியோவை இரண்டில் ஒருவர் அடுத்த வீட்டுக்கு அனுப்புவாரா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டங்கன் வாட்ஸ் என்ற சமூகவியலாளரும் இணைய ஊடகத் துறையைச் சேர்ந்த ஜோனா பெரெட்டியும் 2007-ல் இந்தக் கணக்கைத்தான் எழுதினார்கள். அவர்கள் சொன்ன யோசனை இதுதான்: எண் 1-ஐத் தாண்டும் என்று காத்திருக்காதே, தாண்டாது. தொடக்கத்திலேயே நிறையப் பேரிடம் கொண்டுபோய்ச் சேர், பரவுவதைக் கொசுறாக வைத்துக்கொள். அமெரிக்காவில் கத்ரீனா புயல் நிவாரணத்துக்காக நடந்த ஒரு பிரசாரத்தில் அந்த எண் முக்காலைத் தொட்டதாம். ஏழாயிரம் சொச்சம் பேரிடம் தொடங்கியது முப்பதாயிரத்தைத் தாண்டியது. அதுவே நல்ல அறுவடை, ஆனாலும் அது வைரல் இல்லை. இன்றைக்கு ஏஜென்சிகளில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். காசு கொடுத்து முதல் கூட்டத்தைச் சேர்க்கிறார்கள், பிறகு எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்று எண்ணுகிறார்கள்.

அப்படியானால் எது அதிகம் அனுப்பப்படுகிறது? ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் சுமார் ஏழாயிரம் கட்டுரைகளை எடுத்து, எவை அதிகம் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டன என்று பார்த்தார்கள். வியப்பு, கோபம், பதற்றம் என்று மனதை உசுப்பிவிடும் கட்டுரைகள் அதிகம் போயின. சோகம் தந்தவை குறைவாகவே போயின. சோகம் நம்மைச் சோர்ந்து உட்கார வைக்கும், கோபம் போனைக் கையில் எடுக்க வைக்கும். நம் குடும்பக் குரூப்பில் தினமும் பார்க்கிறோமே. ஆக, கைத்திறனுக்கு இங்கே இடம் உண்டு, கற்றும் கொள்ளலாம். ஆனால் அது பத்தில் ஒருவரை இரண்டு பேராக ஆக்கும் திறன். அதற்கு மேல் உறுதி கொடுக்க முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு என்னிடம் இருக்கும் நல்ல விளக்கம், வாட்ஸும் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ் ஆகியோரும் செய்து 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனை. பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் போட்டார்கள். பதினான்காயிரத்துக்கும் மேல் ஆட்கள் கேட்டார்கள், பிடித்ததை இறக்கிக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதே தெரியாது, தங்கள் காதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தார்கள். மீதி ஆட்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் ஒவ்வொரு பாட்டையும் எத்தனை பேர் இறக்கினார்கள் என்பதைக் காட்டினார்கள். எட்டு உலகமும் பூஜ்யத்தில்தான் தொடங்கின.

ஒரு குறிப்பிட்ட பாட்டு, தனியாகக் கேட்டவர்களின் தீர்ப்பில் 26-வது இடம், அதாவது நடுத்தரம். எட்டில் ஓர் உலகத்தில் அது முதலிடத்துக்கு வந்தது. வேறோர் உலகத்தில் 40-வது இடத்தில் கிடந்தது. அதே பாட்டு, அதே மாதிரி ஆட்கள். முதலில் வந்த சிலர் எதைத் தொட்டார்கள் என்பது எண்ணாகத் தெரிந்தது, அடுத்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத் தொட்டார்கள், சின்ன வித்தியாசம் பெரிதாகிவிட்டது. மிக நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானவை மேலே வரவில்லை என்பதும் உண்மைதான். நடுவில் இருந்தவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது. விளம்பரங்களில் பெரும்பாலானவை அந்த நடுவில்தான் இருக்கின்றன, அண்ணாச்சி.

ஆகவே யாராவது வெற்றி பெற்ற வீடியோவைக் காட்டி இதுதான் சூத்திரம் என்றால், அது எட்டில் ஓர் உலகத்தை மட்டும் காட்டுவது. பயிற்சி நிலையத்துக்கு நேரில் போய், கடைசியாகச் செய்த இருபது பிரசாரங்களையும் வரிசையாகக் காட்டச் சொல்லுங்கள், ஓடாதவற்றையும் சேர்த்து. தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பத்து லட்சம் உறுதி என்பவர்கள் பல நேரம் வியூஸை விலைக்கு வாங்குபவர்கள். கண்டுபிடிப்பது ஒன்றும் சிரமம் இல்லை. வீடியோ போட்டவர் மட்டும் பார்க்கும் கணக்குப் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சில மணி நேரத்தில் எண்ணிக்கை செங்குத்தாக ஏறி அப்படியே நின்றிருக்கும். பார்த்த நேரம் சராசரியாகச் சில வினாடிதான் இருக்கும். மதுரைக் கடைக்கு எடுத்த வீடியோவைச் சம்பந்தமே இல்லாத நாட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள், ஒரு கேள்விகூடக் கமெண்டில் இருக்காது. போன வருடம் என்னிடம் வந்த ஒரு பையன் இப்படி ஓர் இடத்தில் பணம் கட்டி ஏமாந்தவன். சான்றிதழில் மூன்று லட்சம் வியூஸ் என்று இருந்தது. நேர்காணலில் அதில் எத்தனை பேர் பொருள் வாங்கினார்கள் என்று கேட்டபோது அவனுக்குப் பதில் இல்லை.

இந்தத் துறையில் சம்பளம் கொடுத்து எடுப்பது அந்தப் பதில் சொல்லத் தெரிந்தவரைத்தான். உங்கள் மகள் பி.காம் என்பது இங்கே பலம். செலவு, வந்த ஆள், வாங்கிய ஆள் என்று மூன்று பத்தியாகக் கணக்கு எழுதி, எது நின்றது, எது ஓடியது என்று சொல்ல அவளுக்கு வரும்.

அதனால் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். கடையின் வாடிக்கையாளர்களை இருநூறு இருநூறாக மூன்று கூட்டமாகப் பிரிக்கட்டும். ஒரே வீடியோவை மூன்று கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு தள்ளுபடிச் சொல்லைப் போட்டு. யார் எந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள், அவர்களில் நம் பட்டியலில் இல்லாத புது ஆள் எத்தனை பேர் என்று பதினைந்து நாள் நோட்டில் குறிக்கட்டும். மூன்றும் ஒரே மாதிரி வராது, பாருங்கள். ஏன் வரவில்லை என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டால் நல்லது. அந்த நோட்டோடு அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை வரச் சொல்லுங்கள். அதுவரை அவர்கள் கொடுத்த தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.