ஜிப்பில் சிக்கிய தோல்: வீட்டில் எதுவரை, மருத்துவமனை எப்போது?

அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர் பதிலளிக்கிறார்.

“என் ஐந்து வயது மகனின் முன்தோல் ஜிப்பில் மாட்டிக்கொண்டது. அவன் அப்பா ரன்னரைக் கீழே இழுத்ததும் இன்னும் இறுகிவிட்டது. நாங்கள் முதலில் என்ன செய்திருக்க வேண்டும், டாக்டர்?”

ரன்னரைத் தொடாமல் விட்டிருக்க வேண்டும், அம்மா. உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த அலறலைக் கேட்ட எவருடைய கையும் முதலில் அங்கேதான் போகும். ரன்னர் என்பது முன்னும் பின்னுமாக இரண்டு தகடுகள். அவற்றை நடுவில் ஒரு சிறு உலோகத் தண்டு இணைத்துப் பிடித்திருக்கிறது. தோல் மடிந்து தகட்டுக்கும் பல்வரிசைக்கும் இடையே புகுந்துவிட்டால், ரன்னரை மேலே தள்ளினாலும் கீழே இழுத்தாலும் மடிப்பு இன்னும் உள்ளே போகும். தோல் வீங்கும், வீங்க வீங்கப் பிடி இறுகும்.

முதல் வேலை கத்தரிக்கோலுக்கு. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, ஜிப்பைச் சுற்றியுள்ள கால்சட்டைத் துணியை வெட்டி எடுத்துவிடுங்கள். கால்சட்டையின் பாரம் தொங்காமல் இருந்தாலே வலி பாதி அடங்கும். பிறகு தேங்காய் எண்ணெயையோ குழந்தைகளுக்குத் தடவும் எண்ணெயையோ சிக்கிய இடத்தில் தாராளமாக ஊற்றி, ரன்னருக்குள் இறங்கும்படி பத்து முதல் பதினைந்து நிமிடம் விட வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் யாரும் செய்வதில்லை. ஊற்றிய கையோடு இழுத்துவிடுகிறார்கள். அதன் பின் ஜிப்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, தோலை ஒரே ஒரு முறை மென்மையாக விலக்கிப் பார்க்கலாம். வரவில்லையென்றால் இரண்டாவது முயற்சி வேண்டாம், அப்படியே புறப்படுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அழுகையை நிறுத்தப் பாலோ பிஸ்கட்டோ கொடுத்துவிடாதீர்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால், திட உணவு சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஒரு பிஸ்கட்டுக்காகப் பிள்ளை அதே நிலையில் காத்துக் கிடக்க நேரலாம்.

“நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ரன்னரை உடைக்கவே வேண்டாம், ஜிப் பட்டையைக் குறுக்கே வெட்டினால் பல் தானாகப் பிரிந்துவிடும். இதற்குப் போய் ஆஸ்பத்திரி எதற்கு?”

நீங்கள் சொல்வது பாதி அளவுக்குச் சரி, ஐயா. ரன்னர் தோலைத் தாண்டிப் போய்விட்டு, தோல் பற்களுக்கு இடையே மட்டும் அகப்பட்டிருந்தால், சிக்கிய இடத்துக்கு ஒரு விரல் அளவு கீழே பட்டையைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முனையிலிருந்து இரு பக்கமும் விலக்கிக்கொண்டே வந்தால் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தோல் விடுபடும். பிள்ளை அசையாமல் இருந்து, கத்தரிக்கோல் முனை எங்கே இருக்கிறது என்பதும் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால், இதை வீட்டிலேயே செய்யலாம்.

ஆனால் தோல் ரன்னருக்குள்ளேயே இருந்தால், பட்டையை எங்கே வெட்டினாலும் தகடுகள் பிடியை விடா. அந்த நடுத்தண்டைத்தான் வெட்ட வேண்டும். ஜீன்ஸ் ரன்னரின் தண்டு கெட்டியானது. கட்டிங் பிளேயரை முழு பலத்தோடு அழுத்தும்போது அது வழுக்கினால் அடுத்து இருப்பது தோல்தான். துள்ளுகிற பிள்ளையிடம் வீட்டில் அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

“நான் அவசரப் பிரிவில் செவிலியர். எங்கள் மருத்துவர் எண்ணெய்க்காகக் காத்திருக்காமல் நேராகத் தண்டை வெட்டுகிறார். எது சரி, சார்?”

இதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை, சிஸ்டர். எண்ணெய் பட்டால் ரன்னர் வழுக்கும், வெட்டும் கருவி சரியாகப் பிடிக்காது என்பது உங்கள் மருத்துவர் பக்கத்து நியாயம்; எண்ணெயிலேயே தோல் விடுபட்டு, மரத்துப்போகும் ஊசியே இல்லாமல் சில பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள் என்பது என் பக்கத்து நியாயம்.

நான் பார்த்த ஒரு சிறுவனைச் சொல்கிறேன். உள்ளாடை இல்லாமல் ஜீன்ஸ் போட்டிருந்தான். வீட்டில் இரண்டு முறை ரன்னரை இழுத்துவிட்டு, மேலே மஞ்சள் தூளும் அப்பியிருந்தார்கள். அதைக் கழுவி எடுத்த பிறகுதான் தோல் எந்தப் பக்கத்தில் சிக்கியிருக்கிறது என்றே தெரிந்தது. எண்ணெய் ஊற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தும் அசையவில்லை. ஆணுறுப்பின் அடியில், அட்ரினலின் கலக்காத மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, வலி அடங்கியதை உறுதி செய்துகொண்டு, எண்ணெயைத் துடைத்துவிட்டு, எலும்பு வெட்டும் கருவியால் தண்டை ஒரே அழுத்தில் வெட்டினேன். தகடுகள் இரண்டாகக் கழன்று விழுந்தன, பற்களைக் கையாலேயே பிரித்துவிட்டோம். தோலில் வரிசையாக நான்கைந்து பல் தடங்கள் மட்டுமே இருந்தன, தையல் தேவைப்படவில்லை. ஆனாலும் அவன் ஒரு முறை சிறுநீர் கழிக்கும் வரை அனுப்பவில்லை.

தண்டு வெட்டுப்படாவிட்டால், தட்டையான திருப்புளியைத் தகடுகளுக்கு இடையே நுழைத்துத் திருகி அகட்டுவதும் உண்டு. எதற்கும் மசியாமல், முழு மயக்கத்தில் அந்தத் தோல் மடிப்பை அறுத்தெடுக்க நேர்வது மிக அரிது.

“என் பேரனுக்கு மூன்று வயது. இந்த ஆபத்து வராமலிருக்க இப்போதே சுன்னத் செய்துவிடலாமா?”

இதற்காக வேண்டாம், பெரியவரே. சுன்னத் செய்தவர்களுக்கும் ஆணுறுப்பின் தண்டுப் பகுதித் தோல் சிக்குவதுண்டு. உள்ளாடை போட்டுவிடுங்கள், அந்த வயதுக்கு ஜிப்பை விட இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டையே நல்லது.

“எனக்கே நடந்தது, வயது 34. நேற்று இரவு நானே எண்ணெய் விட்டு எடுத்துவிட்டேன். பார்ப்பதற்காகப் பின்னே தள்ளிய முன்தோல் இப்போது திரும்பி வரவில்லை, மொட்டு வீங்கியிருக்கிறது. இரண்டு நாள் பார்க்கலாமா?”

இரண்டு மணி நேரம்கூடப் பார்க்க வேண்டாம், தம்பி. இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். பின்னே நின்றுவிட்ட தோல் வளையம்போல் இறுகி மொட்டுக்கு ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஜிப் காயத்தைவிட இதுதான் அவசரம்.

மற்றவர்களும் கவனிக்க: தோல் விடுபட்ட பிறகும், சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, காயம் ஆழமாகப் பிளந்திருந்தாலோ, மொட்டு கருநீலமாக மாறினாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, போகும்போது ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைதான். லேசான வீக்கம் மறுநாள் சற்றுக் கூடித் தெரிவதும், சிறுநீர் பட்டால் எரிவதும் இவற்றில் சேராது. வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்பளவு உட்கார வைத்து அதிலேயே சிறுநீர் கழிக்கச் சொன்னால் எரிச்சல் தெரியாது.

“டி.டி. ஊசி கட்டாயமா?”

தோல் கிழிந்திருந்தால் பிள்ளையின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஐந்து வயதில் போடும் ஊசி விடுபடாமல் போட்டிருந்தால் அந்த வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் மறுபடி தேவைப்படாது. அட்டை இல்லையென்றால் போட்டுத்தான் அனுப்புவோம்.