உருண்டைத் தூணில் ஒரு சுற்றுப் பட்டை: எத்தனை அடி வாங்குவது?

கேள்வி: எங்கள் மண்டபத்து முகப்புத் தூண் உருண்டை. உயரம் 12 அடி, சுற்றளவு 5 அடி. 4 அங்குல அகல ஸ்டிக்கர் பட்டையை அடியிலிருந்து உச்சிவரை சாய்வாக ஒரே ஒரு சுற்று சுற்றி ஒட்ட ஆசை. 12-ஐயும் 5-ஐயும் கூட்டி 17 அடி வாங்கச் சொல்கிறார் மேஸ்திரி. சரியா? மூன்று சுற்று வேண்டுமென்றால் எவ்வளவு?

பதில்: 17 அடி வேண்டாம். பட்டையின் நீளம் 13 அடிதான். முனை வெட்டுக்கும் சேர்த்து பதின்மூன்றரை அடி வாங்கினால் போதும்.

இதை நம்புவதற்குப் பழைய காலண்டர் தாள் ஒன்று போதும். அதில் 5 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் கொண்ட துண்டை வெட்டி, கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள். இப்போது 12 செ.மீ. ஓரங்கள் இரண்டும் ஒட்டும்படி தாளைச் சுருட்டுங்கள். அந்த நேர்க்கோடு அடியில் தொடங்கி, குழாயைச் சரியாக ஒரு சுற்று சுற்றி, தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே உச்சியைத் தொட்டிருக்கும். உங்கள் பட்டையின் பாதை இதுதான். சுருட்டும்போது தாள் வளைகிறதே தவிர இழுபடுவதில்லை. அதனால் கோட்டின் நீளம் மாறாது. தாளை மறுபடி விரித்து ஸ்கேலால் அளந்தால் 13 செ.மீ. வரும்.

உங்கள் தூணின் மேற்பரப்பையும் அப்படியே உரித்து விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். 5 அடி அகலம், 12 அடி உயரம் உள்ள செவ்வகம் கிடைக்கும். பட்டை அதன் மூலைவிட்டம். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் மிச்சத்தைச் சொல்லிவிடும்:

√(12² + 5²) = √169 = 13

மேஸ்திரி சொன்ன 17 அடி, தூணின் அடியை முழுதாக ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்புறம் நேராக மேலே ஏறும் பாதைக்கு உரியது. நீங்கள் சாய்வாக ஏறுவதால் குறுக்குவழியில் போகிறீர்கள்.

முனை வெட்டுக்கு ஏன் கூடுதல்? 13 அடி என்பது பட்டையின் நடுக்கோட்டு நீளம். பட்டை சாய்ந்து ஏறுவதால் அதன் முனையைத் தரைமட்டத்துக்குச் சமமாக வெட்ட வேண்டியிருக்கும். அப்படிச் சாய்த்து வெட்டும்போது ஒரு விளிம்பு மற்றதைவிட 4 × 5/12, அதாவது சுமார் 1⅔ அங்குலம் நீண்டு நிற்கும். ஆகவே குறைந்தது 13 அடி 1⅔ அங்குலம் தேவை, மிச்சம் கைப்பிழைக்கு. வெட்டிய பிறகு தூணின் அடியில் பட்டையின் அகலம் 4 அங்குலமாக இல்லாமல் 4⅓ அங்குலமாகத் தெரியும். ஸ்டிக்கரில் குறை இருப்பதாக நினைத்துவிடாதீர்கள், சாய்வால் வருவது அது.

மூன்று சுற்றுக்கு 13-ஐ மூன்றால் பெருக்கி 39 அடி வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. உயரம் மூன்று மடங்காகவில்லையே! தூணில் ஒரு தாளை மூன்று முறை சுற்றி விரிப்பதாக நினையுங்கள்: அகலம் 15 அடி ஆகும், உயரம் அதே 12 அடிதான். √(15² + 12²) = √369, சுமார் 19.2 அடி. சாய்வு அதிகம் படுத்துவிடுவதால் முனை வெட்டுக்கு 5 அங்குலம் போகும். 20 அடி வாங்குங்கள்.

ஒட்டுவதற்கு முன் பாதையைக் குறித்துக்கொள்வது முக்கியம். தூக்குக் குண்டு தொங்கவிட்டுத் தூணில் ஒரு நேர்க்கோடு போடுங்கள். அடியிலிருந்து ஒவ்வோர் அடி உயரத்திலும் அந்தக் கோட்டிலிருந்து ஒரே பக்கமாக, டேப்பைத் தூணோடு வளைத்து, முதல் அடியில் 5 அங்குலம், இரண்டாம் அடியில் 10, மூன்றாம் அடியில் 15 என்று புள்ளி வையுங்கள். 12-ஆம் அடியில் 60 அங்குலம் வந்து, கோட்டிலேயே முடியும். மூன்று சுற்றுக்கு 5-க்குப் பதில் 15 அங்குலமாக நகருங்கள். புள்ளிகளைச் சுண்ணக்கட்டியால் இணைத்து அதன் மேல் ஒட்டிக்கொண்டே போங்கள்.

பட்டை சரியான பாதையில் போனால் சுருக்கம் விழாமல் படியும். ஒரு விளிம்பு மட்டும் சுருங்கி எழும்பினால் கோட்டை விட்டு விலகிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓர் அடி உரித்து மறுபடி ஒட்டுங்கள். குறித்த கோட்டிலேயே போயும் சுருங்கினால் பூச்சில் மேடு பள்ளம் இருக்கும், அல்லது தூண் நடுவில் பருத்திருக்கும்.

அதனால் வாங்கப் போவதற்கு முன்பே சுற்றளவை அடி, நடு, உச்சி மூன்று இடத்திலும் நூல் சுற்றி அளந்துவிடுங்கள். ஓரிரு அங்குல வித்தியாசம் இருந்தால் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். சுற்றளவில் 1 அங்குலம் தவறினாலும் ஒரு சுற்றுப் பட்டையின் நீளத்தில் அரை அங்குலம்கூட மாறாது. உச்சி நன்றாகக் குறுகியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அப்படிப்பட்ட தூணை விரித்தால் செவ்வகம் வராது, விசிறித் துண்டு போல வளைந்த வடிவம்தான் வரும்.