இ-ஃப்யூயல்: ஒரு லிட்டருக்குள் என்ன போகிறது?

கேள்வி: காற்றில் இருக்கும் கார்பனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து பெட்ரோல் செய்கிறார்களாமே, இ-ஃப்யூயல் என்கிறார்கள். சிஓஇ இன்னும் சில வருடம் பாக்கி இருக்கும் என் பெட்ரோல் காரில் அதை ஊற்றி ஓட்டலாமா? சாதா பெட்ரோலுக்கும் அதற்கும் என்னதான் வித்தியாசம்?

பதில்: ஓட்டலாம், காரில் எதையும் மாற்ற வேண்டாம். கையில் வரும் பொருள் பெட்ரோலேதான். வித்தியாசம் எல்லாம் அதைச் செய்யப் பிடிக்கும் மின்சாரத்தில் இருக்கிறது. அதனால் ஒரு லிட்டரை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கணக்குப் பார்ப்போம்.

காருக்கான இ-பெட்ரோலுக்கு இப்போது நடைமுறையில் உள்ள வழி மெத்தனால் வழியாகப் போவது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பார்கள். அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து, 50 முதல் 80 பார் அழுத்தத்தில், 250 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், செம்பும் துத்தநாக ஆக்சைடும் கலந்த வினையூக்கியின் மேல் செலுத்தினால் மெத்தனால் வரும்:

```
CO2 + 3 H2 → CH3OH + H2O
```

பிறகு அந்த மெத்தனாலை 350 முதல் 400 டிகிரி அளவில் ZSM-5 என்ற ஜியோலைட்டின், அதாவது நுண்துளைகள் நிறைந்த வினையூக்கியின், மேல் விட்டால் தண்ணீர் கழன்று பெட்ரோல் ஆகிறது. இந்த இரண்டாம் படி புதிதல்ல. மொபில் நிறுவனம் 1970களில் கண்டுபிடித்தது. நியூசிலாந்தின் மோட்டுநூயி ஆலை 1985 முதல் சில வருடம் இயற்கை எரிவாயுவிலிருந்து இதே முறையில் பெட்ரோல் தயாரித்தது.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 745 கிராம். மெத்தனாலின் எடையில் 44 சதவீதம்தான் பெட்ரோலாக மாறும், மீதி தண்ணீர். ஆக ஒரு லிட்டருக்கு 1.7 கிலோ மெத்தனால் வேண்டும். அதற்கு 2.3 கிலோ கரியமில வாயு, 320 கிராம் ஹைட்ரஜன். இது ஏட்டுக் கணக்கு. ஆலையில் ஒரு சுற்றுக்கு வாயுவில் சிறு பங்குதான் மெத்தனாலாகும். மிச்சத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும். சுற்றச் சுற்ற வினைபுரியாத வாயுக்கள் சேர்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது கொஞ்சம் வெளியே விடுவார்கள், கூடவே ஹைட்ரஜனும் போகும். அதையும் சேர்த்து 350 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் பிடிக்கும். அப்படியானால் ஹைட்ரஜனுக்கு மட்டும் ஏறக்குறைய 19 யூனிட். அழுத்தம் ஏற்ற, பம்ப் ஓட்ட, கரியமில வாயுவைச் சுத்தம் செய்ய என்று கூட்டினால் 22 யூனிட். காற்றிலிருந்தே நேராகப் பிடிப்பதென்றால் இன்னும் சில யூனிட் கூடும், அதில் பெரும்பகுதி வெப்பமாகத் தேவைப்படும். இவ்வளவும் போட்டு எடுத்த ஒரு லிட்டருக்குள் இருப்பது 9 யூனிட்டுக்குச் சமமான எரிசக்தி. அதிலும் எஞ்சின் கால்வாசி, கொஞ்சம் கூடுதலாக, சக்கரத்துக்குத் தரும். மற்றது சூடாகப் போய்விடும்.

உங்கள் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால், 22 யூனிட் செலவழித்து 14 கிலோமீட்டர் போகிறீர்கள். அதே 22 யூனிட்டை மின்சாரக் காருக்கு ஏற்றினால் 120 கிலோமீட்டர் ஓடும்.

இனி இதை ஜூரோங் தீவில் செய்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். சிங்கப்பூரின் மின்சாரத்தில் 95 சதவீதத்தை ஒட்டி இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.4 கிலோ கரியமில வாயு வெளியேறும். 22 யூனிட்டுக்கு 8.8 கிலோ. சாதா பெட்ரோல் ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ, எண்ணெயைத் தோண்டி, சுத்திகரித்து, கொண்டுவருவதைச் சேர்த்தாலும் 3 கிலோவை ஒட்டித்தான் வரும். ஆக இங்குள்ள மின்சாரத்தில் செய்த இ-பெட்ரோல் சாதா பெட்ரோலைவிட மூன்று மடங்கு மோசம். யூனிட் 28 காசு என்றால் மின்சாரச் செலவே லிட்டருக்கு 6 வெள்ளியைத் தாண்டும், ஆலைச் செலவும் வரியும் தனி.

அதனால்தான் இதைக் காற்று ஓயாமல் அடிக்கும் இடத்தில் போய்ச் செய்கிறார்கள். சிலியின் தென்கோடியில் புந்தா அரேனாஸ் பக்கம் ஹாரு ஓனி என்ற சோதனை ஆலை 2022 டிசம்பரில் தொடங்கியது. 3.4 மெகாவாட் காற்றாலை ஒன்று, வருடத்துக்கு 1,30,000 லிட்டர் திட்டம். கேட்கப் பெரிதாக இருக்கும். வருடம் 17,000 கிலோமீட்டர் ஓடும் கார்கள் நூற்றுச் சொச்சத்துக்கு அது சரியாகப் போகும், அவ்வளவுதான். அங்கிருந்து கப்பலில் இங்கே கொண்டுவருவது மொத்தக் கணக்கில் சிறு பங்கு. காற்று நின்றால் வரும் தொல்லைதான் பெரிது. மெத்தனால் உலை சட்டென்று நிறுத்தி ஓட்டும் சாதனம் இல்லை, எனவே ஹைட்ரஜனைச் சேமித்துவைக்கும் தொட்டிக்கும் காசு போட வேண்டும். கரியமில வாயுவிலிருந்து மெத்தனால் செய்யும்போது உண்டாகும் தண்ணீர் ஆவி, செம்புத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து வினையூக்கியையும் சீக்கிரம் மந்தமாக்கும்.

உங்கள் காருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் டியூரீன். ஜியோலைட்டிலிருந்து வரும் பெட்ரோலில் இந்தப் பொருள் சாதா பெட்ரோலைவிட அதிகம். தனியாக எடுத்தால் 79 டிகிரிக்குக் கீழே அது வெள்ளைப் படிகம். பெட்ரோலில் கரைந்தே இருக்கும்; ஆனால் லேசான பகுதி ஆவியாகிவிட்ட இடத்தில், கார்புரேட்டரிலோ இன்ஜெக்டர் முனையிலோ, படிந்துவிடும். ஐட்லிங் தடுமாறும், ஸ்டார்ட் ஆக மறுக்கும். இதனால் ஆலையிலேயே பெட்ரோலின் கனமான பகுதியைப் பிரித்து ஹைட்ரஜனோடு இன்னொரு தடவை பதப்படுத்தி, டியூரீனை 2 சதவீதத்துக்குக் கீழே இறக்குவார்கள். இதை ஒழுங்காகச் செய்த எரிபொருள் என்றால் பயமில்லை. கேஸ்கெட்டும் ரப்பர் குழாயும் அரிக்குமோ என்ற கவலை மெத்தனாலை அப்படியே ஊற்றினால் வருவது, இதற்குப் பொருந்தாது.

ஆலையிலிருந்து வரும்போது ஆக்டேன் 92 அளவில் இருக்கும். 95 வேண்டுமென்றால் வேறு கூறுகளைக் கலக்க வேண்டும். கந்தகம் இல்லை என்பது நல்லது, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு உதவும். நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் சாதா பெட்ரோலில் வருவது போலவேதான் வரும், ஏனென்றால் அது எரிபொருளிலிருந்து வருவதில்லை. எஞ்சின் சூட்டில் காற்றிலிருந்தே உண்டாகிறது.

இனி எங்காவது பெட்ரோல் நிலையத்தில் இ-பெட்ரோல் என்று பலகை பார்த்தால் கரியமில வாயு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எரிவாயு மின்நிலையப் புகைபோக்கியில் பிடித்ததென்றால், பூமிக்கடியிலிருந்து வந்த கார்பன் ஒரு சுற்று தாமதமாக வானத்துக்குப் போகிறது. காற்றிலிருந்தோ தாவரக் கழிவிலிருந்தோ எடுத்ததா என்று ஆய்வகத்தில் சோதிக்கவும் முடியும்: அப்படிப்பட்ட எரிபொருளில் கார்பன்-14 இருக்கும், கச்சா எண்ணெய்ப் பெட்ரோலில் அது கிட்டத்தட்ட இருக்காது. மின்சாரம் காற்றாலையிலிருந்து வந்ததா, எரிவாயுவிலிருந்து வந்ததா என்பதை மட்டும் எந்தச் சோதனைக் குழாயும் சொல்லாது, அதற்கு ஆலையின் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும். பம்பில் வருவது முழு இ-பெட்ரோலா, சாதா பெட்ரோலில் 5 சதவீதம் கலந்ததா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.