வயலோரக் காணியில் 12, 3, 2: மண் பரிசோதனை அறிக்கை பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி (வவுனியா): எங்கள் காணியின் துளைப் பதிவில் ஓர் ஆழத்துக்கு 4, 6, 9 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. பக்கத்தில் 15 என்று போட்டிருக்கிறார்கள். கூட்டினால் 19 அல்லவா வரவேண்டும்?

பதில்: 15தான் சரி. 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரி எடுக்கும் குழாயை 45 சென்ரிமீற்றர் அடித்து இறக்குகிறார்கள். ஒவ்வொரு 15 சென்ரிமீற்றருக்கும் எத்தனை அடி விழுந்தது என்று எழுதுகிறார்கள். துளையின் அடியில் கிடப்பது துளையிடும்போது கலங்கிய மண். ஆகவே முதல் எண்ணை விட்டுவிட்டு, பின்னைய இரண்டையும் கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் அடி எண்ணிக்கை. அதற்காக முதல் எண்ணைப் பார்க்காமல் தாண்டிவிட வேண்டாம். முல்லைத்தீவு வாசகருக்கான பதிலில் அது பயன்படும்.

கேள்வி (கிளிநொச்சி): குளத்துக்குக் கீழே, வயலை ஒட்டிய காணியில் இரண்டு மாடிக் கட்டடம் கட்ட எண்ணியிருக்கிறோம். ஆவணி மாதத்தில் துளையிட்டார்கள். ஒரு மீற்றர் ஆழத்தில் அடி எண்ணிக்கை 12. மேசனும் கடப்பாரையால் குத்திப் பார்த்துவிட்டு "நல்ல இறுக்கமான மண், இதிலேயே அத்திவாரம் போடலாம்" என்கிறார். பொறியியலாளர் தயங்குகிறார். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் அனுப்பிய பதிவு இதுதான். 0.6 மீற்றர் வரை நிரப்பிய மண். 1.8 மீற்றர் வரை செம்புள்ளிகள் கலந்த கபில நிற மணற்களி, எண்ணிக்கை 12. அங்கிருந்து 3.6 மீற்றர் வரை சாம்பல் நிறக் களி, 2 மீற்றரில் 3, 3 மீற்றரில் 2. அதன் கீழ் களி கலந்த மணல், 13, 18. 5.5 மீற்றருக்குக் கீழ் உக்கிய பாறை, 34. 7 மீற்றரில் 50 அடிக்கு 11 சென்ரிமீற்றர் மட்டும் இறங்கியிருக்கிறது. நீர்மட்டம் 1.4 மீற்றர்.

மேசன் குத்திப் பார்த்த மண் உண்மையிலேயே இறுகியதுதான். ஆனால் அது மேலோடு மட்டுமே. வயல் நிலத்தில் ஒவ்வொரு கோடையிலும் மேற்களி காய்ந்து சுருங்கி இறுகுகிறது. காற்றுப்பட்டுச் செம்புள்ளி விழுகிறது. அதற்குக் கீழே உள்ள களி என்றைக்குமே காய்ந்ததில்லை, அதனால்தான் அது சாம்பல் நிறத்தில் இருக்கிறது. எண்களைப் படிக்கும் முன்பே நிறம் எழுதிய பத்தியைப் படியுங்கள். கபிலம் சாம்பலாக மாறும் இடத்தில் எண்ணிக்கையும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பதிவில் இரண்டும் ஒரே இடத்தில் மாறுகின்றன. ஆகவே 3, 2 என்ற எண்களை அடித்தவரின் பிழை என்று ஒதுக்க முடியாது.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு தூணில் 30 தொன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீற்றர் ஆழத்தில் ஒன்றரை மீற்றர் சதுரத்தில் அத்திவாரம் போட்டால், சதுர மீற்றருக்கு 13 தொன் அளவில் அழுத்தம் வரும். 12 எண்ணிக்கை உள்ள களி அதைத் தாங்கக்கூடும். ஆனால் அழுத்தம் அங்கேயே நின்றுவிடுவதில்லை, விரிந்துகொண்டே கீழே போகிறது. ஒரு மீற்றர் கீழிறங்கினால் அகலமும் ஒரு மீற்றர் கூடும் என்பது நாங்கள் வழக்கமாகக் கொள்ளும் மதிப்பீடு. மென்களியின் தலைப்பு அத்திவாரத்திலிருந்து 0.8 மீற்றர் கீழே. அங்கே அகலம் 2.3 மீற்றர், பரப்பு 5.3 சதுர மீற்றர், அழுத்தம் ஏறத்தாழ 5.7 தொன். எண்ணிக்கை 2 முதல் 4 வரை உள்ள களி மென்களி. பாதுகாப்பு விகிதம் 3 வைத்தால், அதாவது மண் உடையும் சுமையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால், இதற்குச் சதுர மீற்றருக்கு 3 தொன், மிஞ்சினால் 4 தொன் கொடுக்கலாம். ஆகவே பொறியியலாளரின் தயக்கம் நியாயமானது. மேலோடு சுமையைக் கொஞ்சம் பரப்பிக் கொடுக்கிறது, அதற்குமேல் அதனால் ஒன்றும் ஆகாது.

அத்திவாரத்தை அகலமாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். முழுக் கட்டடத்துக்கும் ஒரே தளமாகப் போட்டால் மண் உடையாமல் தப்பலாம். ஆனால் களி அமுங்குவதை அது நிறுத்தாது. களியின் தடிப்பு ஒரு மூலையில் ஒரு மீற்றர், மறு மூலையில் இரண்டு மீற்றர் என்றிருந்தால் கட்டடம் சரியும். ஒரே துளையிலிருந்து அதை அறிய வழியில்லை. கட்டடத்தின் எதிர் மூலைகளில் இன்னும் இரண்டு துளைகளாவது வேண்டும். மேலும் மென்களிக்கு இந்த அடிக்கும் சோதனை பொருத்தமான கருவி அல்ல. 2, 3 என்ற எண்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் எந்தப் பொருளும் இல்லை. மெல்லிய சுவர்க் குழாயால் கலங்காத மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், முதலில் கட்டடத்தைக் காணியின் மேட்டுப் பக்கத்துக்கு நகர்த்த முடியுமா என்று பார்ப்பேன். குளத்து வண்டல் வயல் பக்கம்தான் தடிப்பாக இருக்கும். நகர்த்த இடமில்லை என்றால், துளையிட்டு வார்க்கும் கொங்கிறீற் தூண்களை உக்கிய பாறைக்குள் இறக்குவதுதான் வழி. 3.6 மீற்றர் வரை மண்ணைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். நீர்மட்டம் 1.4 மீற்றரில் இருக்கிறது, அதுவும் ஆவணியில். மார்கழியில் அது எங்கே நிற்கும் என்று உங்கள் வயற்காரரே சொல்லுவார்.

அதே வாசகர்: மாரியில் வெள்ளம் வரும் இடம். முதலில் ஒரு மீற்றர் உயரத்துக்குக் கிறவல் போட்டு உயர்த்திவிட்டால் மண் பலப்படும்தானே?

பதில்: வெள்ளத்துக்கு நல்லது. ஆனால் ஒரு மீற்றர் கிறவல் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1.8 தொன். சாதாரண வீட்டின் ஒரு மாடி, சுவரும் தளமும் சேர்த்துப் பரப்பிப் பார்த்தால் 1 முதல் 1.5 தொன் வரைதான். வீடு கட்டத் தொடங்கும் முன்பே ஒரு மாடிக்கு மேற்பட்ட பாரத்தை அந்த மென்களியில் ஏற்றிவிடுகிறீர்கள். அதுவும் காணி முழுவதற்கும்.

களியிலிருந்து நீர் மெதுவாக வெளியேற வேண்டும் என்பதால் அமுங்கல் உடனே தெரியாது. லொறிகள் போன மறுவாரமே அத்திவாரம் வெட்டினால், அமுங்கிக்கொண்டிருக்கும் நிலத்தில் வீடு எழும். கொங்கிறீற் தூண்கள் போட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது. அமுங்கும் களி தூண்களைப் பிடித்துக் கீழே இழுக்கும், அந்த இழுவையையும் சுமையாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். உயர்த்தத்தான் வேண்டும் என்றால் கிறவலைப் போட்டுவிட்டு நிலத்தைக் கிடக்க விடுங்கள். இரும்புத் தகடு ஒன்றில் கம்பி ஒட்டிப் பழைய நிலத்தில் வைத்து, கிறவலுக்கு மேலே நீட்டிய கம்பித் தலையை மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து எழுதி வையுங்கள். இந்தத் தடிப்புக் களிக்கு ஓராண்டு அளவு பிடிக்கலாம். மாதத்துக்கு மாதம் வேறுபாடு அற்றுப்போன பிறகு கட்டலாம்.

கேள்வி (முல்லைத்தீவு): கடற்கரைக்கு அண்மையில் முழுக்க மணல். 2 மீற்றரில் 16. நீர் தொட்டவுடன் 3 மீற்றரில் 5, 4 மீற்றரில் 6. மணல் திடீரென்று இவ்வளவு தளர்வாகுமா?

பதில்: ஆகலாம். ஆனால் எனக்குச் சந்தேகம் வேறு. துளைக்குள் நீர்மட்டம் வெளியே உள்ள நிலநீரைவிடத் தாழ்ந்துவிட்டால், நீர் துளையின் அடியால் மேல்நோக்கிப் பாயும். மணல் கொதித்தெழும். இறுக்கமாக இருந்த மணலே தளர்ந்துவிடும். பிறகு அடிக்கும்போது கிடைப்பது துளையிட்டவர்களின் அவசரத்தின் எண்.

கண்டுபிடிக்க, மூன்று எண்களையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் 3 மீற்றர் வரி 0, 1, 4 என்று இருந்தால், மேற்பகுதி கலங்கி, கீழே போகப் போக நல்ல மணல் வருகிறது என்று பொருள். 2, 2, 3 என்று சீராக இருந்தால் மணலே தளர்வாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்து, சோதனைக்கு முன் துளையின் ஆழத்தை அளந்தார்களா என்று கேளுங்கள். 3 மீற்றர் துளைத்துவிட்டு அளந்தால் 2.7 என்று வந்தால், 30 சென்ரிமீற்றர் மணல் உள்ளே ஏறியிருக்கிறது. அப்படியானால் அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். அருகில் இன்னொரு துளை போட்டு, துளைக்குள் நீரையோ பெந்தனைற்று என்ற களியின் குழம்பையோ எப்போதும் நிலநீருக்கு மேலே வைத்திருந்து, துளைக் கருவியை மெதுவாக உருவி எடுத்து மீண்டும் அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வவுனியா, இன்னொருவர்): 4 மீற்றரில் 50 அடிக்கு 6 சென்ரிமீற்றர்தான் இறங்கியது. "பாறை" என்று எழுதி முடித்துவிட்டார்கள். போதுமா?

பதில்: போதாது. கருங்கல் உக்கும்போது ஒரே சீராக உக்குவதில்லை. வெடிப்புகள் வழியாக மண்ணாகி, நடுவில் உக்காத உருண்டைப் பாறைகள் மிஞ்சும். அடி பட்டது அப்படிப்பட்ட ஓர் உருண்டையின் தலையாக இருக்கலாம். வைரமுனைக் குழாயால் இன்னும் மூன்று மீற்றராவது துளைத்துக் கல் மாதிரி எடுக்க வேண்டும். ஒரு மீற்றர் கல்லுக்குப் பிறகு மறுபடி மண் வந்தால் அது உருண்டை. தொடர்ந்து கல்லே வந்தால், மீண்ட துண்டுகளில் 10 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டவற்றின் மொத்த நீளம் துளைத்த நீளத்தில் எத்தனை வீதம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இதற்கிடையில் பக்கத்து வளவுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். கட்டாத கிணற்றுச் சுவர் துளைப் பதிவைவிடத் தெளிவாகக் காட்டும். கிணறு வெட்டியவர் எந்த ஆழத்தில் வெடி வைத்தார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி (முருங்கன்): கறுப்புக் களி. ஆடியில் எடுத்த எண்ணிக்கை 22. "மிகவும் இறுக்கம்" என்கிறது அறிக்கை. சிறிய ஒற்றைத் தட்டு வீடுதான், கவலை இல்லைதானே?

பதில்: சிறிய வீடு என்பதுதான் கவலை. கட்டுக்கரைக் குளத்தை அண்டிய கறுப்புக் களி நனைந்தால் வீங்கும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். 22 என்பது ஆடி வறட்சியின் எண். மார்கழியில் அதே இடத்தில் அடித்தால் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால் உங்கள் வீட்டைக் கெடுக்கப்போவது தாங்குதிறன் குறைவு அல்ல. வீங்கும் களி மேல்நோக்கித் தள்ளும், பாரம் குறைந்த வீட்டால் அதை அமுக்கி வைக்க முடியாது. சுவர் மூலைகளில் சாய்வாக வெடிப்பு விழும், மாரியில் கதவு இறுகும்.

அடி எண்ணிக்கை இதைப் பற்றி எதுவுமே சொல்லாது. அறிக்கையின் ஆய்வுகூடப் பக்கத்தில் மண் குழம்பாகத் தொடங்கும் ஈரப்பதனான திரவ எல்லை, உதிராமல் பிசையக்கூடியதாகும் ஈரப்பதனான பிளாஸ்டிக் எல்லை, வீங்கல் சோதனை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மண்ணின் அன்றைய ஈரப்பதன் பிளாஸ்டிக் எல்லைக்குக் கீழே இருந்தால், அந்தக் களி இன்னும் நிறைய நீரைக் குடிக்கும். அத்திவாரத்தை வெடிப்புகள் இறங்கும் ஆழத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டும், தரைவிட்டத்துக்கு அடியில் வீங்க இடைவெளி விட வேண்டும். கூரைத் தண்ணீர் சுவரோரத்தில் விழாமல் பீலி வைத்துத் தூரமாக விடுங்கள். சுவரை ஒட்டி மரம் நட வேண்டாம்.