முக்கால் என்றால் மூன்று கால்

ஐயா,
தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். கணக்குக்கு மட்டும் 140 சூத்திரங்களை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவருகிறேன். வீட்டில் சரியாகச் சொல்கிறேன், மாதிரித் தேர்வில் குழம்பிவிடுகிறது. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது எதைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுகூட மறந்துபோகிறது. அதிகாலையில் படித்தால் மனதில் நிற்குமா? நல்ல சூத்திரப் புத்தகம் ஒன்றைச் சொல்வீர்களா?
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்களுக்கு எந்த நேரத்தில் தூக்கம் வரவில்லையோ அந்த நேரத்தில் படியுங்கள். புத்தகம் எதையும் சொல்ல மாட்டேன். 140 போதாதா?

போன வாரம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் கோலை வைத்துத் துணியை அளந்து கிழித்த சத்தத்தில் அம்மாவின் நினைவு வந்தது. அது அடங்குவதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

அம்மா ராயபுரத்து வீட்டில் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். ஐந்து மீட்டர் துணியில் முக்கால் மீட்டர் ரவிக்கை எத்தனை தைக்கலாம் என்ற கணக்கோடு நான் ஒருநாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியில் சொன்னது ஒரே வரி: தலைகீழாக்கிப் பெருக்கு. எதைத் தலைகீழாக்குவது என்று எனக்கும் மறந்துவிட்டது, உங்களைப் போலவே.

அம்மா கேட்டார்: "முக்கால் என்றால் எத்தனை கால்?"

மூன்று கால். அந்தச் சொல்லிலேயே அது இருக்கிறது, நமக்குத்தான் காதில் விழுவதில்லை. ஒரு மீட்டரில் நான்கு கால் உண்டு. ஆகவே ஐந்து மீட்டரில் இருபது கால். ஒரு ரவிக்கைக்கு மூன்று கால் போகும். இருபதை மூன்றால் வகுத்தால் ஆறு ரவிக்கை, மிச்சம் இரண்டு கால். முடிந்தது.

இப்போது என்ன செய்தோம் என்று பாருங்கள். ஐந்தை நான்கால் பெருக்கினோம், மூன்றால் வகுத்தோம். அதாவது 5 × 4/3. முக்கால் தலைகீழாகிவிட்டது, நாம் அதைத் தொடவே இல்லை! அந்த 4/3-க்கும் ஒரு பொருள் உண்டு: ஒரு மீட்டர் துணியில் ஒன்றேகால் அல்ல, ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் ரவிக்கை வரும். புரளுவது எப்போதும் எதை வைத்து வெட்டுகிறோமோ அந்த அளவுதான். மேசையில் கிடக்கும் துணி எதற்காகப் புரள வேண்டும்?

தப்பாகப் புரட்டினாலும் விடையே காட்டிக்கொடுக்கும். ஐந்தைப் புரட்டினால் 3/20 வரும்: ஐந்து மீட்டர் துணியில் ஒரு ரவிக்கைகூடத் தேறாது! இதை யாரும் நம்ப மாட்டார்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எதையும் புரட்டாமல் பெருக்கினால் 3¾ வரும். பார்க்க நல்ல விடைபோலவே இருக்கும், கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் ஒன்றாகவும் நிற்கும். ஆளுக்கு ஒரு மீட்டர் என்றாலே ஐந்து ரவிக்கை தைக்கலாமே, அதைவிடக் குறைவான துணி போதும்போது ஐந்துக்கு மேல் அல்லவா வர வேண்டும்? இதைக் கேட்டுக்கொள்ள ஒரு நொடி போதும். உங்கள் நோட்டு இதைக் கேட்காது.

அன்று நான் "ஆறு ரவிக்கை, மிச்சம் அரை மீட்டர்" என்று எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியர் குறுக்கே கோடு போட்டார். விடை 6⅔ என்றார். பல வருடம் அவர்மேல் கோபமாக இருந்தேன். இரண்டும் ஒன்றுதான், தம்பி. அந்த ⅔ மீட்டர் அல்ல, ரவிக்கை. மிச்சமுள்ள இரண்டு கால், ஒரு ரவிக்கைக்கு வேண்டிய மூன்று காலில் மூன்றில் இரண்டு பங்கு. கையில் கிடப்பது அரை மீட்டர்தான். மிச்சம் ⅔ மீட்டர் என்று எழுதுகிறவர்கள் சூத்திரத்தைச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்து விழுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் தேடி உட்கார்ந்துவிடவும் வேண்டாம். கூட்டலுக்கு முன்னால் பெருக்கலைச் செய்வது நாம் பொதுவாக வைத்துக்கொண்ட ஏற்பாடு, அதை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். வாய்ப்பாட்டையும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தேர்வறையில் ஏழெட்டு எவ்வளவு என்று ஆராயாதீர்கள்.

அந்த அரை மீட்டரில் அம்மா என் தங்கைக்குப் பாவாடைக்கு விளிம்பு வைத்தார். அது போகட்டும். இரண்டரை மீட்டர் துணி. ஒரு பைக்கு 3/8 மீட்டர். எட்டில் ஒன்றுக்குத் தமிழில் அரைக்கால் என்று பெயர். எத்தனை பை தைக்கலாம், எத்தனை மீட்டர் மிஞ்சும்? நோட்டைப் பார்க்காமல் எழுதி அனுப்புங்கள். விடையைப் பார்த்ததும் "இது முன்பே வந்ததாயிற்றே" என்பீர்கள். ஆனால் மிச்சத் துணி அரை மீட்டர் அல்ல.