எல்லாப் புத்தகத்திலும் இருப்பதற்கும் ஆதாரம் வேண்டுமா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி வட்டாரத்தின் வரலாற்றை எழுதி முடித்துவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் ஆதாரப் பட்டியல் கேட்கிறார் பதிப்பாளர். “1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியைக் கண்டுபிடித்து, அங்கே கல் பங்களா கட்டினார்” என்று ஒரு வரி இருக்கிறது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் இதற்கெல்லாம்கூட ஆதாரம் எழுத வேண்டுமா? எப்படி எழுதுவது?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

வேண்டும். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற வரியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அதை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கையெழுத்துப் பிரதியை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். சரிபார்க்க முடிகிற ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போடுங்கள். உங்கள் வரியில் ஆண்டு, பதவி, ஆள், ஊர், கண்டுபிடித்தது, கட்டியது என்று ஆறு இடங்களில் கோடு விழும். ஒரே வரி என்றாலும் ஆறு செய்திகள். ஒன்று சரியாக இருப்பதால் மற்றது சரியாகிவிடாது.

ஆளும் பதவியும் சரி. 1819-ல் சல்லிவன் மலையேறி வந்ததும் சரி. ஆனால் அவர் முதலில் வீடு கட்டியது உங்கள் ஊர்ப் பக்கம், திம்பட்டியை ஒட்டி. கன்னேரிமுக்கில் இருக்கும் சல்லிவன் நினைவகம் அந்த வீடுதான். ஊட்டியில் கல் பங்களா வேலை தொடங்கியது 1822-ல். இரண்டு வீடும் இரண்டு ஆண்டும் உங்கள் வரியில் ஒன்றாகிவிட்டன. கோத்தகிரியைப் பற்றிய புத்தகத்திலேயே கோத்தகிரியின் பங்கு ஊட்டிக்குப் போய்விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது ‘கண்டுபிடித்து’. சல்லிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் அவருக்கு முன்பே மலைக்குப் போய்வந்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. 1603-லேயே ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் தோடர்களைச் சந்தித்திருக்கிறார். தோடர், கோத்தர், படுகர் ஏற்கெனவே வாழ்ந்த மலை அது. அந்தச் சொல்லுக்கு ஆதாரம் தேடினால் கிடைக்காது. அதனால் அதை எடுத்துவிடுங்கள்.

“ஐந்து புத்தகத்தில் பார்த்தேன்” என்பீர்கள். அந்த ஐந்தும் எங்கிருந்து எடுத்தன என்று பின்னோக்கிப் போங்கள். பெரும்பாலும் கிரிக் எழுதிய 1880-ஆம் ஆண்டு மாவட்டக் கையேட்டிலோ, ஃபிரான்சிஸின் 1908-ஆம் ஆண்டு கெசட்டியரிலோ போய் நிற்பீர்கள். சல்லிவன் வந்து முறையே அறுபது, தொண்ணூறு வருஷம் கழித்து எழுதப்பட்டவை அவை. ஒரே ஊற்றிலிருந்து வந்த ஐந்து நூலும் ஒரே ஆதாரம்தான். இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. ஒரே எழுத்துப்பிழையோ ஒரே வாக்கிய அமைப்போ இரண்டு நூலில் வந்தால், ஒன்றைப் பார்த்து மற்றதோ, ஒரே மூலத்தைப் பார்த்து இரண்டுமோ எழுதப்பட்டிருக்கலாம். கிரிக், ஃபிரான்சிஸ் இருவருக்கும் முந்தையது வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து வருவாய் வாரியப் பதிவுகளில் தேட வேண்டும். அவ்வளவு தூரம் போக முடியாத இடத்தில் “கிரிக் சொல்வதன்படி” என்று வரியிலேயே சொல்லிவிடலாம்.

பட்டியலை எக்செல்லில் வைத்தால் போதும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண், பிரதியில் அந்த வரியின் முதல் சில சொற்கள், நூலும் பதிப்பாண்டும் பக்கமும், மூலத்தில் உள்ள வாசகம் அப்படியே, நீங்கள் அதை எங்கே, எப்போது பார்த்தீர்கள் என்பது. உங்கள் பிரதியின் பக்க எண்ணை மட்டும் நம்பாதீர்கள், வடிவமைப்பில் அது மாறிவிடும். முதல் சொற்கள் மாறாது. ஸ்கேன் செய்த நூல் என்றால் திரையில் தெரியும் பக்க எண் வேறு, தாளில் அச்சான எண் வேறு. முன்னுரைப் பக்கங்களும் கோப்பில் சேர்ந்துவிடுவதால் இந்த வித்தியாசம் வருகிறது. அச்சான எண்ணைத்தான் எழுத வேண்டும். மறுபதிப்பில் பக்கமே மாறியிருக்கலாம், அதனால் கையில் இருந்தது எந்தப் பதிப்பு என்பதை விடக்கூடாது.

மூல வாசகத்தை ஏன் முழுதாக எழுதச் சொல்கிறேன் என்றால், சரிபார்ப்பவர் உங்கள் வரியையும் அதையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். “1819-ல் வந்தார்” என்று மூலம் சொல்ல, “1819-ல் கட்டினார்” என்று நீங்கள் எழுதியிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். ஞாபகத்திலிருந்து சுருக்கி எழுதினால் உங்கள் தவறே பட்டியலிலும் ஏறிவிடும்.

அப்புறம், ஊரில் பெரியவர்கள் சொன்னது. அதற்கும் எண் உண்டு: யார், எங்கே, எப்போது சொன்னார், ஒலிப்பதிவுக் கோப்பின் பெயர், பெயரைப் போடச் சம்மதித்தாரா. அவர் வாழ்ந்து பார்த்ததற்கு அவரே ஆதாரம். பிறக்கும் முன் நடந்ததற்கு அவர் கேள்விப்பட்டதுதான் ஆதாரம் என்பதால், வரியும் அப்படியே சொல்ல வேண்டும்.

அந்த வரியை இப்படி எழுதலாம்: “1819-ல் மலைக்கு வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவன், கோத்தகிரி அருகே வீடு கட்டினார், ஊட்டியில் கல் பங்களா வேலை 1822-ல் தொடங்கியது.” இப்போது பட்டியலில் இதற்குக் குறைந்தது இரண்டு எண்கள் வரும், வீடு ஒவ்வொன்றுக்கும் ஒன்று.