மீன் கடைப் பலகைக்குக் கீழே என்ன எழுதுவது?

"தண்டையார்பேட்டையில இருக்கேன் சார், ஆறு மாச கிராஃபிக் டிசைன் கோர்ஸ் முடிச்சிருக்கேன். வேலை தேடி லிங்க்ட்இன்ல மூணு வொர்க் போடப் போறேன்: காசிமேட்டுல மாமா மீன் கடைக்குப் பண்ண விலைப் பலகை, எங்க ஏரியா கேரம் போட்டிக்குப் போஸ்டர், கோர்ஸ்ல பண்ண காபி கம்பெனி லோகோ. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஏன் இப்படிப் பண்ணேன்னு ரெண்டு வரி எழுதணுமாம். கோர்ஸ் சார் 'மினிமல், மாடர்ன், கடலைக் குறிக்கும் நீலம்'னு எழுதிக் குடுத்தார், அதையே போடலாமா? ஒரு கன்சல்டன்சில பத்தாயிரம் கட்டினா போர்ட்ஃபோலியோவும் பண்ணி வேலையும் வாங்கித் தர்றோம்ங்கிறாங்க, அதுக்குப் போகலாமா?"

போடாதீர்கள் தம்பி. "மினிமல், மாடர்ன்" என்பதை உங்கள் பலகைக்குக் கீழேயும் எழுதலாம், பல் டாக்டர் கிளினிக் லோகோவுக்குக் கீழேயும் எழுதலாம், அதனால்தான் அது எதையுமே சொல்வதில்லை. ஜூனியர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது குறிப்பில் நான் தேடுவது இதைத்தான்: வேலையில் என்ன இடைஞ்சல் வந்தது, அதற்கு இவர் என்ன முடிவு எடுத்தார், அந்த முடிவு படத்தில் என் கண்ணுக்குத் தெரிகிறதா. படத்தைப் பார்த்துச் சரிபார்க்க முடியாத எந்த வார்த்தையையும் நாங்கள் தாண்டிப் போய்விடுவோம்.

நீங்கள் படங்களோடு அனுப்பிய மெயிலில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதல் பலகையை மேட் லேமினேஷனில் அடித்தேன், மாமா மார்க்கரில் எழுதின விலை அழியவே இல்லை, அப்புறம் விலை எழுதுகிற பத்தியை மட்டும் பளபளப்பான கிளாஸ் லேமினேஷனுக்கு மாற்றினேன் என்று. அந்த வரிதான் உங்கள் குறிப்பு. அதை மெயிலில் எழுதிவிட்டு, எல்லோரும் பார்க்கப் போகிற இடத்தில் நீலம் கடலைக் குறிக்கும் என்று போட இருந்தீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

அதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். மேட் பரப்பு கைக்கு வழவழப்பாக இருந்தாலும் நுணுக்கமான மேடு பள்ளம் உள்ளது, மார்க்கர் மை அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், எவ்வளவு துடைத்தாலும் நிழல் மாதிரி தங்கும். கிளாஸில் மை மேலேயே நிற்பதால் துணி பட்டதும் வந்துவிடும். சரி, முழுப் பலகையையும் கிளாஸாகவே அடித்துவிடலாமே என்றால், கடையில் தொங்குகிற பல்பு வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும், எதிரே நிற்கிறவருக்கு மீன் பெயர் வெள்ளையாகத்தான் தெரியும். ஆக, பெயர் இருக்கிற இடம் மேட், விலை இருக்கிற இடம் கிளாஸ். இது கணினித் திரையில் தோன்றுகிற யோசனை இல்லை, பலகை கடையில் தொங்கின பிறகு வந்த யோசனை. அதைச் சொல்லத் தெரிந்த ஃப்ரெஷரை நான் நேர்காணலுக்குக் கூப்பிடுவேன்.

உங்கள் படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எல்லாம் சுலபமாக அடங்கிவிடுகின்றன, கானாங்கெளுத்தி மட்டும் அடுத்த பத்தியை இடிக்கிற அளவுக்கு நீளம். நீங்கள் அந்த ஒரு பெயரை மட்டும் சின்னதாக்காமல், Anek Tamil எழுத்துருவின் ஒடுக்கமான அகலத்தை எடுத்து எல்லாப் பெயரையும் ஒரே அளவில் வைத்திருக்கிறீர்கள். நல்ல முடிவு, அதையும் சொல்லுங்கள். மொத்தக் குறிப்பு இப்படி வரும்:

"காசிமேட்டில் என் மாமாவின் மீன் கடைக்குச் செய்த விலைப் பலகை. விலை தினமும் மாறும் என்பதால் பெயர் அச்சில், விலை மார்க்கரில். முதலில் அடித்த மேட் லேமினேஷனில் மார்க்கர் அழியவில்லை, அதனால் விலைப் பத்தியை மட்டும் கிளாஸாக மாற்றினேன். மிக நீளமான பெயர் கானாங்கெளுத்தி, அது அடங்கும்படி ஒடுக்கமான எழுத்தைத் தேர்ந்தெடுத்தேன்."

நாலே வாக்கியம். இதற்கு மேல் ஒரு வரி கூடச் சேர்க்காதீர்கள். இந்தக் குறிப்பைப் படத்துக்குள் வைக்கவும் வேண்டாம், பதிவின் எழுத்துப் பகுதியில் போடுங்கள். 1080 பிக்சல் அகலப் படம் போனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித்தான் தெரியும், நீங்கள் 24 அளவில் வைத்த எழுத்து அங்கே 8 ஆகிவிடும், யாரும் விரலால் பெரிதாக்கிப் படிக்கப் போவதில்லை. படமும் இணையத்தில் இறக்கின மாக்கப் வேண்டாம். செங்கல் சுவரில் தொங்குகிற அந்த ஒரே பலகையை நாங்கள் வாரம் முழுக்கப் பார்க்கிறோம். கடையில் மாட்டியிருக்கிற நிஜப் பலகையைக் கூட்டம் வருவதற்கு முன் நேராக நின்று போனில் எடுங்கள், மாமா விலை எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் இன்னும் நல்லது, குறிப்பில் சொன்னது அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

கேரம் போஸ்டரைப் போடுவதற்கு முன் ஒரு திருத்தம் கட்டாயம். தலைப்பில் "போட்டி" உடைந்திருக்கிறது. "ப"வுக்கு முன்னால் வர வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய், காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கொ, கோ, போ மாதிரி இரண்டு பக்கமும் குறி வருகிற எழுத்துகளில்தான் இது முதலில் தெரியும். எழுத்துரு மேல் தப்பில்லை, இல்லஸ்ட்ரேட்டர் தானாகத் தமிழை அடுக்காது. Preferences > Type போய் Show Indic Options என்பதை டிக் செய்யுங்கள், பிறகு Paragraph பேனலின் மெனுவில் South Asian என்று பெயர் வருகிற Composer-ஐத் தேர்ந்தெடுங்கள், கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். தமிழ் பிழையாக இருக்கிற போஸ்டரைத் தமிழ்நாட்டில் வேலை கேட்டுப் போடவே கூடாது, எங்கள் கண் முதலில் போய் நிற்கிற இடம் அதுதான். ஆறு மாதம் ஃபீஸ் வாங்கினவர்கள் இந்த ஒரு டிக்கைச் சொல்லித்தரவில்லை பாருங்கள், இதை எத்தனையாவது பிள்ளைக்குச் சொல்கிறேன் என்று எனக்கே அலுத்துவிட்டது.

காபி லோகோவை எடுத்துவிடுங்கள். உங்கள் பேட்சில் எல்லோருக்கும் அதே வேலைதான் கொடுத்திருப்பார்கள், அதே கப், அதே கொட்டை, அதே பழுப்பு, ஒரே வாரத்தில் நாலு பேரிடமிருந்து எனக்கு வரும். கோர்ஸில் செய்ததைப் போட வேண்டாம் என்பதுதான் பொது விதி. ஆனால் ஒரே ஒரு விதத்தில் போடலாம், அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதால் விரித்தே சொல்கிறேன். கோர்ஸ் முடிந்த பிறகு நீங்களாக அதே வேலையைத் திரும்ப எடுத்து, ஒரு நிஜமான கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு மறுபடி செய்திருந்தால் போடலாம். உதாரணமாக அந்த லோகோ 50 கிராம் காபித் தூள் பாக்கெட்டில் வரவேண்டும், ஒரே கலரில் அச்சடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, ஸ்கேலில் அளந்து, அதே அளவுக்கு ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் எடுத்து, வெட்டி, பாக்கெட்டில் ஒட்டிப் பாருங்கள். மெல்லிய கோடுகள் காணாமல் போகும். அதைத் தடிமனாக்கின முன்னும் பின்னும் இரண்டு போட்டோ எடுத்தால் அதுவே உங்கள் மூன்றாவது வேலை. அப்போதும் முதல் வரியிலேயே "பயிற்சிக்காகச் செய்தது, நிஜ கம்பெனி இல்லை" என்று எழுதிவிட வேண்டும், வரிசையில் கடைசியாகத்தான் வைக்க வேண்டும். கிளையன்ட் வேலை மாதிரித் தோன்றும்படி விட்டால், நேர்காணலில் "அந்தக் கம்பெனியில் யாரிடம் பேசினீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் மற்ற இரண்டு நல்ல வேலையும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

இப்போது அந்தப் பத்தாயிரம். கட்டாதீர்கள், ஒரு ரூபாய் கூட. வேலை கொடுக்கிறவர் வேலை தேடுகிறவரிடம் பணம் கேட்க மாட்டார். ரெஜிஸ்ட்ரேஷன், லேப்டாப் டெபாசிட், வெரிஃபிகேஷன் சார்ஜ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் அதுதான். போர்ட்ஃபோலியோ பண்ணித் தருகிறோம் என்றால் என்ன நடக்கிறது தெரியுமா? வாங்கி வைத்திருக்கிற டெம்ப்ளேட்டில் உங்கள் பெயரை மாற்றித் தருவார்கள். அதே மூன்று வேலையை வேறு வேறு பெயரில் நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஃபைலைத் திறந்து லேயர்களைக் காட்டச் சொல்வோம், இந்தப் பத்தி ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்போம், அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியாது, பணம் வாங்கினவர் அந்த அறையில் இருக்க மாட்டார். வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் நகையை அடகு வைத்து இந்தப் பணத்தைக் கட்டுகிற வீடுகள் இருக்கின்றன, எனக்குப் பொறுக்கவே இல்லை. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஆன்லைனில் ஏதாவது அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள், cybercrime.gov.in-இலும் புகாரைப் பதியலாம்.

இவர்கள் பிழைப்பதற்கு எங்கள் துறையும் ஒரு காரணம், அதை மறைக்க முடியாது. ஃப்ரெஷர் வேண்டும் என்று போட்டுவிட்டு இரண்டு வருட அனுபவம் கேட்கிறோம், வீடியோ எடிட்டிங்கும் தெரிய வேண்டும் என்கிறோம், பயந்த பிள்ளைகள் குறுக்கு வழி தேடுகிறார்கள். அந்த விளம்பரத்தில் இருக்கிற பட்டியலைப் பார்த்து ஒதுங்க வேண்டாம், பாதி தெரிந்தாலும் அனுப்புங்கள்.

பதிவின் முதல் இரண்டு மூன்று வரிதான் மடங்காமல் தெரியும், அதில் நன்றி சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். "ஜூனியர் கிராஃபிக் டிசைனர் வேலை தேடுகிறேன், தண்டையார்பேட்டை, உடனே சேர முடியும், தமிழ் ஆங்கிலம் இரண்டிலும் டிசைன் செய்வேன்" என்று தொடங்கி, பலகையை முதலில் வையுங்கள்.

பதிவு போட்டதும் டெஸ்ட் என்று கேட்டு மெசேஜ் வரும். கற்பனைப் பெயரில் ஒரு போஸ்டர், இரண்டு மூன்று மணி நேர வேலை என்றால் செய்து கொடுங்கள். அவர்கள் நிஜக் கடைக்கு, தீபாவளி ஆஃபரோடு, பத்து போஸ்டர் கேட்டால் அது டெஸ்ட் இல்லை, வேலை. ஒரு போஸ்டருக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். எது செய்தாலும் சின்ன அளவு JPG மட்டும் அனுப்புங்கள், .ai ஃபைல் வேலையில் சேர்ந்த பிறகுதான்.